தோட்டத்துக் காய் ஓசி இல்லை

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சை வைத்திருப்பவர்களுக்கு விலை என்பது பருவத்துக்குப் பருவம் வேறு வேறு முகம் காட்டும் சமாச்சாரம். கோடையில் சர்பத் கடைகள் பெருகும்போது கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போகும் காய், மழை பிடித்துக்கொண்டால் 10 ரூபாய்க்கும் கேட்பாரில்லாமல் மண்டியில் கிடக்கும். அப்படி விலை விழுந்த ஒரு நாளில்தான் வீட்டில் யாராவது கேட்பார்கள்: "இதை ஊறுகாயாப் போட்டு வித்தா என்ன?"

நல்ல கேள்வி. ஊறுகாய் போடுவது நம் வீடுகளில் யாருக்கும் புதிதில்லை. கை பழகிய வேலை, காய் சொந்தத் தோட்டத்தில் இருக்கிறது. சிக்கல் தொடங்குவது புட்டியில் விலை எழுதும்போது. அந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்யும் கணக்கு இது: மிளகாய்த்தூள், எண்ணெய், உப்பு, புட்டி இதற்கெல்லாம் கையை விட்டுப் போன காசைக் கூட்டுகிறார்கள். அதைப் புட்டிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். மேலே கொஞ்சம் வைத்து விலை சொல்கிறார்கள். காய் நம்முடையது, அதற்கேது காசு? வேலை நாமே செய்தது, அதற்கேது கூலி?

இந்தக் கணக்கில் என்ன போகிறது என்பதைப் பார்க்க ஒரு தவணை ஊறுகாயை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு குடும்பம், 50 கிலோ எலுமிச்சை. இங்கே நான் வைக்கும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் எந்தெந்தக் கட்டத்தில் எண் எழுத வேண்டும் என்பது மாறாது.

முதல் கட்டம் காய். அன்றைக்கு மண்டியில் கிலோ 30 ரூபாய் என்று வைப்போம். அதை அப்படியே எழுதினால் அதுவும் தப்பு. மண்டிக்குக் கொண்டுபோயிருந்தால் தரகு 10 சதவீதம் என்று 3 ரூபாய் போயிருக்கும். வண்டிக்கும் ஏற்றுக்கூலிக்கும் 2 ரூபாய். கையில் நிற்பது 25 ரூபாய்தான். ஊறுகாய்க்குப் போகும் காயின் விலை அந்த 25. மண்டிக்காரர் கொடுக்க இருந்த பணத்தை வாங்காமல் காயை வீட்டுக்குள் திருப்பிவிட்டோம். அதனால் ஊறுகாய்தான் இப்போது அந்தப் பணத்தைத் தர வேண்டும். 50 கிலோவுக்கு 1250 ரூபாய். பறிப்புக் கூலியைத் தனியாகச் சேர்க்க வேண்டாம். மண்டிக்குப் போனாலும் பறித்துத்தான் ஆக வேண்டும்.

எந்தக் காயின் விலை என்பதும் ஒரு கேள்வி. தூரத்துச் சந்தைக்குப் போகிற காய் பச்சை வாடாமல் கெட்டியாக இருக்க வேண்டும். நன்றாக மஞ்சளேறிப் பழுத்தது வழியிலேயே குழைந்துவிடும் என்பதால் வியாபாரி அதைக் குறைத்துத்தான் எடுப்பார். ஊறுகாய்க்கோ அந்தப் பழுத்த, தோல் மெலிந்த காய்தான் தோது. ஆகவே கழித்துப் போட்ட இரண்டாம் ரகத்தை ஊறுகாய்க்கு எடுத்தால் இரண்டாம் ரகத்தின் விலையை எழுதலாம். முதல் ரகத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டு இரண்டாம் ரக விலை எழுதக் கூடாது. அழுகல் விழுந்ததை எந்த விலைக்கும் எடுக்கக் கூடாது. ஒரு பரணியையே அது கெடுத்துவிடும்.

அடுத்தது, காய் எவ்வளவு ஊறுகாயாகிறது என்பது. 50 கிலோவைக் கொட்டிப் பொறுக்கினால் 3 கிலோ கழிவு. கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, கொட்டையை எடுத்தால் 44 கிலோ துண்டு கையில் இருக்கும். கொட்டை தங்கினால் கசப்பேறும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. 44 கிலோவுக்கு உப்பு 7 கிலோ. வெயிலில் வைத்து, தினமும் கிளறி, பதினைந்து நாளில் தோல் மெத்தென்று ஆன பிறகு 4 கிலோ மிளகாய்த்தூள், 6 லிட்டர் நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த வெந்தயம், கடுகு, மஞ்சள், பெருங்காயம். வெயிலில் வற்றியது, பாத்திரத்தில் ஒட்டியது எல்லாம் போகக் கடைசியில் 55 கிலோ நிற்கிறது என்று கொள்வோம். 300 கிராம் புட்டியில் அடைத்தால் 180 புட்டிகள் வரும். கணக்குப்படி 183 வர வேண்டும். ஆனால் ஒவ்வொரு புட்டியிலும் எடை குறையாமல் இருக்க ஒரு துளி கூடுதலாகத்தான் விழும்.

இந்தச் சாமான்களின் விலையைப் பாருங்கள். உப்பு 140 ரூபாய். மிளகாய்த்தூள் கிலோ 280 என்றால் 1120. நல்லெண்ணெய் லிட்டர் 350 என்றால் 2100. மற்றப் பொடிகள் 400. மொத்தம் 3760. காய்க்குப் போட்டது 1250, எண்ணெய்க்கு மட்டும் 2100! எலுமிச்சை ஊறுகாய் என்று பெயர்தான். பணத்தின் கணக்கில் அது எண்ணெய் ஊறுகாய். எண்ணெயைக் குறைத்துவிட்டால் என்ன என்று கை போகும். 55 கிலோவில் இப்போது எண்ணெய் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், உப்பு எட்டில் ஒரு பங்கு. இதற்குக் கீழே போனால் மேலே மிதக்கும் எண்ணெய் துண்டுகளை மூடாது. மூடாத இடத்தில் வெள்ளைப் பூசணம் பிடிக்கும். கடையிலிருந்து திரும்பி வரும் புட்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இதுதான்.

புட்டிக்கு வருவோம். கண்ணாடிப் புட்டியும் மூடியும் 14 ரூபாய், லேபிள் 2, மூடிமேல் போடும் சீலும் அட்டைப்பெட்டியில் அதன் பங்கும் 2. ஆக 18 ரூபாய். 180 புட்டிக்கு 3240. காயை விட இரண்டரை மடங்கு. அடுப்பு, தண்ணீர், மின்சாரம் 200 ரூபாய்.

இதுவரை கையிலிருந்து வெளியே போன காசை மட்டும் கூட்டினால், அதாவது காயையும் உழைப்பையும் விட்டுவிட்டால், 7200 ரூபாய். 180 ஆல் வகுத்தால் புட்டிக்குச் சரியாக 40. "நாற்பது அடக்கம், அறுபதுக்குக் கொடுப்போம், புட்டிக்கு இருபது நிற்கும்" என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறக்கிறது.

இனி எழுதாமல் விட்ட கட்டங்களை எழுதுவோம். நறுக்கிக் கொட்டை எடுக்க ஒருவருக்கு நாளொன்றுக்குப் பதினேழு பதினெட்டு கிலோதான் ஓடும். 50 கிலோவுக்கு மூன்று ஆள்நாள். பதினைந்து நாள் வெயிலில் வைத்து எடுத்துக் கிளறுவதைக் கூட்டினால் ஒரு ஆள்நாள். பொடி வறுத்து, எண்ணெய் காய்ச்சிக் கலக்க ஒன்று. புட்டி கழுவி, காயவைத்து, அடைத்து, லேபிள் ஒட்ட ஒன்று. மொத்தம் ஆறு. ஊர்க்கூலி 400 என்றால் 2400 ரூபாய். பிறகு எடை இயந்திரம், டிரம், பாத்திரம், அடுப்பு என்று 60,000 ரூபாய்க்கு வாங்கியவை. ஐந்து வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 12,000. உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆய்வகச் சோதனை, சில்லறைப் பழுது என்று வருடத்துக்கு 6000. இந்த 18,000-ஐ வருடத்தில் போடும் பதினைந்து தவணைக்குப் பிரித்தால் தவணைக்கு 1200. மானியத்தில் வாங்கிய இயந்திரம்தானே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஐந்து வருடம் கழித்து அது தேய்ந்து நிற்கும்போது இரண்டாவது மானியம் வராது.

எல்லாம் சேர்ந்து 12,050 ரூபாய். உடைந்தது, ஒழுகியது, ருசி பார்க்கத் திறந்தது, தேதி தாண்டியது என்று நூற்றுக்கு ஐந்து போனால் காசாவது 171 புட்டிதான். ஆக ஒரு புட்டியின் அடக்கம் 70 ரூபாய் 50 காசு.

அறுபதுக்கு விற்றவர் என்ன ஆனார்? 171 புட்டி விற்று 10,260 ரூபாய் வாங்கினார். வெளியே கொடுத்தது 7200 போக 3060 கையில் நின்றது. நோட்டாக நிற்பதால் லாபம் போலத்தான் தெரியும். ஆனால் அதே காயை மண்டிக்கு அனுப்பிவிட்டு, அதே ஆறு நாளும் அடுத்த தோட்டத்துக்குக் கூலிக்குப் போயிருந்தால் 1250-ம் 2400-ம் சேர்ந்து 3650 ரூபாய். ஒரு புட்டியும் கழுவாமல், எதையும் கடனுக்கு வாங்காமல். ஊறுகாய் போட்டதில் அவர் சம்பாதித்தது 590 ரூபாய் நஷ்டம், இயந்திரத் தேய்மானம் தனி. இது நோட்டில் எங்கும் பதியாத நஷ்டம் என்பதால்தான் இரண்டு மூன்று வருடம்கூட ஓடும்.

இந்தக் கணக்கு சரியா என்று சந்தேகம் வருபவர்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக் காயை விலை கொடுத்து வாங்கி, ஆள் வைத்து நறுக்கிப் போட்டாலும் இந்த விலையில் கட்டுமா? கட்டாது என்றால் நாம் ஊறுகாய் விற்கவில்லை, நம் காயையும் நம் உடம்பையும் மலிவாக விற்கிறோம். இது வெறும் கற்பனைச் சோதனையும் இல்லை. ஊறுகாய் நன்றாகப் போக ஆரம்பித்தால் ஒரு கட்டத்தில் சொந்தத் தோட்டத்துக் காய் போதாது. அன்று பக்கத்துத் தோட்டத்தில்தான் வாங்க வேண்டும், நறுக்க ஆள் வைக்கத்தான் வேண்டும். அதற்குள் அறுபது ரூபாய்க்குப் பழகிப்போன வாடிக்கையாளரிடம் போய் என்ன சொல்வது?

அடக்கம் தெரிந்த பிறகு கடை. தென்காசிப் பக்கத்துப் பலசரக்குக் கடையில் இந்தப் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"அண்ணாச்சி, புட்டி எண்பத்தஞ்சுக்குத் தாரேன். மேல நீங்க பாத்து வச்சுக்கிடுங்க."

"எம்.ஆர்.பி. போட்டுக் கொண்டாங்கக்கா. அதுல நமக்கு இருபத்தஞ்சு விழுக்காடு நிக்கணும்."

85 எப்படி வந்தது என்றால், அடக்கம் 70.50, கடைவரை கொண்டுசேர்க்க 4, நமக்கென்று 10. அண்ணாச்சி கேட்ட 25 விழுக்காட்டை எண்பத்தைந்தின் மேல் கூட்டினால் 106 ரூபாய் சொச்சம். நிறையப் பேர் இதைத்தான் புட்டியில் அச்சடிக்கிறார்கள். ஆனால் அண்ணாச்சி கேட்டது 85-ல் 25 விழுக்காடு இல்லை, எம்.ஆர்.பி.யில். 106-ல் கால் பங்கை, 26 ரூபாய் சொச்சத்தை, அவர் எடுத்துக்கொண்டால் நமக்கு வருவது 80-க்கும் கீழே. பத்து ரூபாய் என்று வைத்த லாபம் ஐந்தாகிவிட்டது. விற்பவருக்குக் கால் பங்கு என்றால் நமக்கு முக்கால் பங்கு. ஆகவே 85-ஐ முக்காலால் வகுக்க வேண்டும். 113 ரூபாய் சொச்சம் வரும். 115 என்று வைத்தால் கடைக்கு 28.75, நமக்கு 86.25.

கடைக்காரருக்கு இவ்வளவு கொடுப்பதா என்று வயிறு எரிவது இயல்பு. நாமே வாரச்சந்தையில் உட்கார்ந்தால்? ஒரு நாள் கூலி 400, பஸ்ஸுக்கும் இடத்துக்கும் 200. இருபது புட்டி விற்றால் புட்டிக்கு 30 ரூபாய், அதாவது கடைக்காரர் கேட்டதைவிடச் சற்றுக் கூட. பத்துதான் போனது என்றால் 60. இருபதுக்கு மேல் விற்கும் நாள் வந்தால் மட்டுமே சந்தை லாபம். அதனால் சந்தையில் விற்றாலும் விலையை 115-லேயே நிறுத்துவதுதான் சரி. "நேரடியா வாங்கினா எண்பத்தஞ்சு" என்று சொல்லிவிட்டால் நம் விற்பனைக் கூலியை நாமே விட்டுக்கொடுக்கிறோம். அதோடு அந்தச் செய்தி அண்ணாச்சி காதுக்கு அன்று சாயங்காலமே போய்விடும்.

அந்தப் பத்துப் பன்னிரண்டு ரூபாய் லாபம் பேராசை இல்லையா என்று சிலர் கேட்பார்கள். ஒரு தவணையில் அது 2000 ரூபாய் அளவுக்கு நிற்கும். மழை மூட்டத்தில் ஒரு தவணை சரியாக வெயில் காணாமல் பூசணம் பிடித்துப்போனால் 12,000 ரூபாய் அப்படியே கொட்டப்படுகிறது. அதை ஈடுகட்ட ஆறு தவணை நன்றாகப் போக வேண்டும். கடைக்காரர் விற்ற பிறகு பணம் தருகிறேன் என்று ஒன்றரை மாதம் இழுத்தால், ஊறும் நாளையும் சேர்த்து மூன்று மாதம் பணம் முடங்கும். நூற்றுக்கு 1 ரூபாய் வட்டியென்றாலும் 360 ரூபாய், புட்டிக்கு இரண்டு. அதுவும் இந்த லாபத்திலிருந்துதான்.

115 ரூபாய்க்குப் போகுமா என்பது வேறு கேள்வி. பெரிய கம்பெனியின் புட்டி பக்கத்திலேயே மலிவாக நிற்கும். அவர்கள் விலை விழுந்த நாளில் டன் கணக்கில் காய் வாங்கி உப்பில் போட்டுவிடுவார்கள். எண்ணெயும் நல்லெண்ணெயாக இருக்க வேண்டியதில்லை. புட்டி லட்சக்கணக்கில் வாங்குவதால் நமக்குப் பதினான்கு ரூபாயாகும் சாமான் அவர்களுக்கு வெகு குறைவு. அந்த விலையோடு போட்டி போட முனைந்தால் நம்மால் குறைக்க முடிகிற ஒரே இடம் நம் கூலிதான். இங்கே சிலர் புட்டியைச் சின்னதாக்குகிறார்கள். 200 கிராம் புட்டி 80 ரூபாய் என்றால் கண்ணுக்கு மலிவு. ஆனால் புட்டியின் செலவு 18-லிருந்து 15-க்குத்தான் இறங்கும், ஊறுகாய் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. இப்போது ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்ற விதி இருப்பதால், கவனிப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. எனக்கு எதிர்த்திசைதான் சரியாகப் படுகிறது. மெஸ், கல்யாணச் சமையல்காரர், விடுதி ஆகியோருக்கு ஒரு கிலோ பையில் கொடுப்பது. 55 கிலோவுக்குப் புட்டிச் செலவு 3240 என்பது பையில் 500-க்குள் முடியும். அடைக்கும் வேலையும் பாதியாகும். புட்டியில் கிலோவுக்கு 220 ரூபாய்க்கு மேல் நிற்கும் அடக்கம் பையில் 170 அளவுக்கு இறங்கிவிடும். நடுவில் கடையும் இல்லை.

விலை ஏறி இறங்கும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது, சற்று எதிர்பாராத பதில். மண்டியில் விலை விழுந்து கையில் 6 ரூபாய்தான் நிற்கும் என்றாலும், 115 ரூபாய்ப் புட்டியின் அடக்கத்தில் குறைவது 5 ரூபாய் 50 காசு மட்டுமே. காய் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால், காய் மலிந்துவிட்டது என்று ஊறுகாயை மலிவாகக் கொடுக்க வழியில்லை. மண்டிப் பணம் பறிப்புக் கூலிக்கே காணாது, காய் மரத்திலேயே கிடக்கிறது என்ற நிலையில் காய்க்கு விலை எழுத வேண்டாம். ஆனால் அப்போது பறிப்புக் கூலியை எழுதியாக வேண்டும். மறுபக்கம், கோடையில் கையில் நூறு நிற்கும் நாளில் அடக்கம் 22 ரூபாய் ஏறும். எம்.ஆர்.பி. 144-க்குப் போக வேண்டும். அந்த மாதங்களில் ஊறுகாய் போடுவது வீண்வேலை. காயைக் காயாகவே விற்றுவிட்டு, மலிந்த நாளில் டிரம்மில் உப்பிட்டு வைத்த துண்டுகளை எடுத்து எண்ணெய் சேர்த்துப் புட்டியில் அடைக்கலாம். நல்ல உப்பில் மூழ்கிக் கிடந்தால் துண்டு மாதக்கணக்கில் தாங்கும்.

மாவுக்கு வந்தால் இந்த விகிதம் தலைகீழாகிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கேழ்வரகு விளைவிப்பவர் 100 கிலோவை மாவாக்குகிறார் என்று பார்ப்போம். அரசு அறிவித்த 2025-26 குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4886 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் அந்தப் பணம் கிடைக்கும் என்றால் தானியத்துக்கு எழுத வேண்டியது அதுதான். கல், தூசு நீக்கி, கழுவிக் காயவைத்து, அரைவையில் ஒட்டியது போக 93 கிலோ மாவு. அரைவைக் கூலி 700, ஆள்கூலி 800, பை 465. மொத்தம் 6850 ரூபாய் அளவில், கிலோவுக்கு 74. இதில் தானியம் மட்டும் 71 விழுக்காடு. ஊறுகாயில் காய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு சுழி போட்டால் பத்தில் ஒரு பங்கு தப்பு. மாவில் அதே சுழி போட்டால் கணக்கே இல்லை. கேழ்வரகு என்ன விலை என்று வாங்குகிறவருக்குத் தெரியும். பையை வாங்கிப் பக்கத்து மில்லில் அரைத்துக்கொள்ள அவரால் முடியும். ஆகவே மாவில் மேலே வைக்கக்கூடியது கழுவிக் காயவைத்து அரைத்த வேலைக்கான கூலியும் அதன்மேல் கொஞ்சமும்தான். இரண்டு மூன்று மாதத்தில் வண்டு விழும் என்பதால் மாவை அரைத்து அடுக்கவும் கூடாது. கேட்ட பிறகு அரைப்பவர்தான் இதில் நஷ்டப்படாதவர்.

வரியைப் பற்றி இரண்டு வார்த்தை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்று வருடத்துக்கு 40 லட்சம் தாண்டாதவர் ஜி.எஸ்.டி. பதிவு செய்யக் கட்டாயமில்லை. பதியாதவர் வரி வசூலிக்கக் கூடாது. புட்டி வாங்கும்போது தான் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது, அது அடக்கத்திலேயே சேரும். பெரிய கடைக்குக் கொடுப்பதற்காகப் பதிவு செய்துகொண்டால் ஊறுகாய்க்கான 5 சதவீதம் எம்.ஆர்.பி.க்குள்ளிருந்துதான் போகும், மேலே போட்டு வாங்க முடியாது. அதையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துவிட வேண்டும்.

லேபிள் அச்சடிக்கும்போது மலிவு என்று பத்தாயிரம் அடித்துவிடுபவர்கள் எம்.ஆர்.பி.யையும் சேர்த்தே அடித்துவிடுகிறார்கள். அச்சடித்த விலையைக் குறைத்து ஸ்டிக்கர் ஒட்டலாம், பழைய விலையை மறைக்காமல். ஏற்றி ஒட்டச் சட்டம் இடம் தராது. நல்லெண்ணெய் லிட்டருக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் ஒரு தவணைக்கு 300 ரூபாய் கூடும். ஆனால் கையில் எட்டாயிரம் லேபிள் பழைய விலையோடு கிடக்கும். விலை, தயாரித்த மாதம், தவணை எண் மூன்றுக்கும் இடம் காலியாக விட்டு அச்சடித்துக்கொண்டு, ஒவ்வொரு தவணைக்கும் கணக்குப் போட்ட பிறகு ரப்பர் ஸ்டாம்பில் குத்திக்கொள்வதுதான் வழி. எண்ணெய்ப் பிசுக்கில் அழியாத மையாகப் பார்த்து வாங்க வேண்டும்.